மீட்டமைக்கச் சொன்னார்கள், இருந்ததும் போனது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். உங்களில் சிலர் சென்னையிலும் கோவையிலும் வாடிக்கையாளர் சேவை வேலையில் இருக்கிறீர்கள். அவர்கள் இரண்டு முறை படியுங்கள்.

இணைய இணைப்புக் கம்பெனிகள் 'தமிழிலும் உதவி' என்று விளம்பரம் செய்கின்றன. அந்தத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. 'மீட்டமை'. ஆங்கிலத்தில் ரீசெட் என்பதற்கு இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். செல்போனிலும் இதுதான், ரூட்டருக்கான உதவிச் செய்தியிலும் இதுதான். முப்பத்து மூன்று வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வயதானவர்கள் வீட்டுக்கு அனுப்பக்கூடாத சொல் இது.

ஏன் என்று கேளுங்கள். மீட்பது என்றால் நம் ஊரில் என்ன? அடகு வைத்த நகையை மீட்பது. ஒத்திக்குப் போன நிலத்தை மீட்பது. கிணற்றில் விழுந்த மாட்டை மீட்பது. போனது திரும்பக் கைக்கு வருவதுதான் மீட்பு. ரூட்டரில் ரீசெட் செய்தால் நடப்பது நேர் எதிர். அதில் உள்ளே எழுதி வைத்திருந்த அத்தனையும் அழிந்து, பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். அழிக்கும் காரியத்துக்கு மீட்கும் பெயர். சொல்லைப் பார்த்து ஒருவர் என்ன புரிந்துகொள்வாரோ அதற்குத் தலைகீழான விளைவு.

தென்பாதியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ ஆயிரம் நகைக் கடனுக்கு 'மீட்கப்பட்டது' என்று பேரேட்டில் எழுதிய கை. அந்தக் கைக்குத்தான் 'உங்கள் திசைவியை மீட்டமைக்கவும்' என்று செய்தி வந்தது. போன இணையம் மீண்டு வரும் என்று நம்பினார். பெட்டியின் பின்னால் RESET என்று எழுதியிருந்த குட்டித் துளைக்குள் ஊக்கை விட்டு, சொன்னபடியே பத்து வினாடி அழுத்தினார். அதுவரை முன்கட்டிலாவது கிடைத்துக்கொண்டிருந்த இணையம் வீடு முழுக்க நின்றுபோனது. மஸ்கட்டில் இருக்கும் மகளிடமிருந்து தினமும் இரவு வரும் வீடியோ அழைப்பும் நின்றது. பழைய கனத்த சுவர் வீடு. உள்ளே செல்போன் சிக்னலும் எட்டாது. இரண்டு நாள் அந்தம்மா, 'அங்கே அப்பாவுக்கு என்னவோ' என்று பக்கத்து வீட்டுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். நான் திண்ணையில் உட்கார்ந்து, என் செல்போனில் அதே கம்பெனியோடு ஆங்கிலத்தில் சாட் செய்தேன். அவர் ரேழியில் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டார். அவர்கள் எழுதுவதை நான் தமிழில் சொல்ல, அவர் பார்த்துச் சொல்வதை நான் ஆங்கிலத்தில் எழுத, இரண்டு மணி நேரம் ஆனது. கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரு கம்பெனியைத் திட்டுவது என் நோக்கம் இல்லை.

முதலில் பழைய உரையாடலை மேலே தள்ளிப் படித்தேன். பெரியவர் முதலில் கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி. கூடத்தில் இணையம் வருகிறது, இரண்டாம் கட்டில் படுக்கை அறையில் வரவில்லை, பழைய பெட்டியை மாற்றிப் புதிதாக வைத்த பிறகுதான் இப்படி என்று எழுதியிருக்கிறார். இந்த இரண்டு வரியிலேயே நோயும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. அதற்கு வந்த பதில்கள் இவை:

'2.4 இசைக்குழுவிற்கு மாறவும்.'
'5G நெட்வொர்க்கை மறந்துவிடவும்.'
'பிரச்சினை தொடர்ந்தால் திசைவியை மீட்டமைத்து இரண்டு நிமிடம் காத்திருக்கவும்.'

இசைக்குழு! ஆங்கிலத்தில் பேண்ட் என்றால் வாத்தியக் கோஷ்டியும் உண்டு, அலைவரிசைப் பட்டையும் உண்டு. யாரோ, அல்லது எதுவோ, கோஷ்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டது. 'மறந்துவிடவும்' என்பதைப் படித்துவிட்டுப் பெரியவர் என்னிடம் கேட்டது இது: "மாசாமாசம் காசு கட்டிட்டு எப்படி வாத்தியாரே மறக்கிறது?" சிரித்தோம். ஆனால் மூன்றாவது வரி சிரிக்க வைக்கவில்லை. முதல் இரண்டும் புரியாததால்தான் அவர் மூன்றாவதைச் செய்தார். மூன்றில் அவருக்குப் புரிந்த மாதிரி இருந்தது அது ஒன்றுதான்.

இப்போது அந்த முதல் இரண்டு வரிகளின் பொருளைப் பார்ப்போம். இப்போது வரும் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு விதமான வைஃபையை வெளியிடுகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ். 5-இல் வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டும் சக்தி குறைவு. 2.4-இல் வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டித் தூரம் போகும். சென்னை அடுக்குமாடி வீட்டில் மெல்லிய சுவருக்கு நடுவே இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. நம் பக்கத்துப் பழைய வீட்டில் ரேழியில் பெட்டி, இரண்டாம் கட்டில் கட்டில், நடுவே ஒன்றரை அடிக் காரைச் சுவர் மூன்று. 5 அங்கே போய்ச் சேராது. பெட்டியை மாற்ற வந்த பையன், வேகமானது நல்லது என்று பெரியவரின் செல்போனில் 5G என்று முடியும் பெயரை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவ்வளவுதான் பிரச்சினை.

இதில் இன்னொரு வம்பு. பெட்டியில் இருக்கும் 5G-க்கும் செல்போன் விளம்பரத்தில் வரும் 5G-க்கும் சம்பந்தமே இல்லை. செல்போனில் அது ஐந்தாம் தலைமுறை. பெட்டியில் அது 5 கிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம். பெரியவர் அதை ஐந்தாம் தலைமுறை என்று எண்ணி, 'அதை எதுக்கு விடணும், மத்தது பழசாச்சே' என்று நினைத்திருக்கிறார். அவர் நினைத்ததில் தப்பில்லை. சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை.

சரியான மொழிபெயர்ப்பு எப்படி இருந்திருக்க வேண்டும்? நான் எழுதிக் காட்டுகிறேன்.

'ஐயா, உங்கள் பெட்டி இரண்டு பெயரில் வைஃபை தருகிறது. 5G என்று முடியும் பெயர் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டி வராது. 5G இல்லாத இன்னொரு பெயர் உள் அறை வரைக்கும் வரும். வீடியோவில் பேச அதுவே போதும். செல்போனில் வைஃபை பட்டியலைத் திறந்து, 5G இல்லாத பெயரைத் தொட்டு, பழைய பாஸ்வேர்டையே போடுங்கள். பிறகு 5G பெயரைச் செல்போனின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் கூடத்துக்கு வரும்போது செல்போன் தானாக அதற்குத் தாவிவிடும்.'

இதில் பட்டை இல்லை, இசைக்குழு இல்லை, மறப்பது இல்லை. ஆனால் அந்த இரண்டு வரியில் இருந்த எல்லாமே இருக்கிறது. கூடவே, ஏன் என்பதும் இருக்கிறது. ஏன் என்று தெரிந்தால் எழுபத்தெட்டு வயதிலும் மனிதர் சரியாகச் செய்வார். காவிரி முறைப்பாசனத்தில் எந்த மதகு எப்போது திறக்கும் என்று கணக்கு வைத்திருந்தவர்களுக்கு இரண்டு வைஃபை பெயர் ஒரு பெரிய விஷயமா?

இனி அந்த ரீசெட்டுக்கு வருகிறேன். சாட்டில் இருந்த பிள்ளையிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "நேற்று நீங்கள் சொன்னது மின்சாரத்தை அணைத்துப் போடச் சொன்னதா, துளையில் ஊசியை விட்டு அழுத்தச் சொன்னதா?" பதில் வந்தது: அணைத்துப் போடத்தான் சொன்னோம். அதாவது ஆங்கிலத்திலேயே ரீஸ்டார்ட் என்று எழுத வேண்டிய இடத்தில் பழக்கத்தில் ரீசெட் என்று எழுதிவிட்டார்கள். ஆங்கிலம் தெரிந்தவர் 'இரண்டு நிமிடம் காத்திருக்கவும்' என்பதிலிருந்து ஊகித்துக்கொள்வார். தமிழில் பெயர்க்கும்போது ஊகத்துக்கு இருந்த அந்த இடமும் அடைபட்டுப்போகிறது. ஆகவே மொழிபெயர்ப்பவருக்கு முதல் கடமை, சொல்லைத் தேடுவதில்லை. மூலத்தில் எழுதியவர் எந்தக் காரியத்தைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுவிட்சை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போடுவது ரீஸ்டார்ட். தூங்கி எழுவது மாதிரி. எதுவும் அழியாது. துளைக்குள் ஊசியால் சுமார் பத்து வினாடி அழுத்துவது ரீசெட். உள்ளே இருக்கும் நினைவு முழுதும் போகும். கை தவறி யாரும் அழுத்திவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பொத்தானைத் துளைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பெட்டியைச் செய்தவனுக்கு இருந்த எச்சரிக்கை, செய்தி எழுதியவனுக்கு இல்லை.

அப்படி அழிந்துபோவதில் முக்கியமானது எது? உங்கள் வைஃபைக்கு வைத்த பெயரும் பாஸ்வேர்டும் போகும். அது பரவாயில்லை. பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் தொழிற்சாலைப் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும், அதை வைத்து நுழைந்துவிடலாம். ஆனால் கம்பெனியின் வாசலில் 'நான் இன்னார் வீட்டுப் பெட்டி' என்று பெட்டி சொல்லிக்கொள்ள ஒரு பயனர் பெயரும் ஒரு பாஸ்வேர்டும் உள்ளே எழுதியிருக்கும். PPPoE என்ற முறையில் இணைப்புக் கொடுக்கும் கம்பெனிகளில் இதுதான் ஏற்பாடு. இது சீட்டில் இருக்காது. இணைப்புக் கொடுத்த அன்று வந்த பையன் தன் கையால் அடித்துவிட்டுப் போயிருப்பான். ரீசெட் செய்தால் அதுவும் அழிந்துவிடும். சில கம்பெனிகளில் தூரத்திலிருந்தே பெட்டிக்குள் அதைத் திரும்ப எழுதிவிடும் வசதி இருக்கிறது. அந்த வசதி இல்லாத இணைப்புகளும் நம் ஊர்ப்பக்கம் நிறைய. பெரியவருடையது அப்படிப்பட்டது.

இதை எப்படிக் கண்டுபிடித்தோம்? பெட்டியில் எரியும் விளக்குகளால்தான். சாட்டிலிருந்த பிள்ளை, எந்த விளக்கு எப்படி எரிகிறது என்று கேட்டது. நல்ல கேள்வி. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் பெரியவரிடம் விளக்கின் பெயரைத் தமிழாக்கவில்லை. "அண்ணே, LOS-னு மூணு எழுத்து இருக்கா? அது சிவப்பா எரியுதா?" என்றேன். "இல்ல, அணைஞ்சிருக்கு." "PON-னு இருக்கிறது?" "பச்சை. அசையாம எரியுது." "INTERNET?" "எரியவே இல்ல."

மூன்று பதிலில் விஷயம் தெரிந்துவிட்டது. LOS சிவப்பாக மின்னினால், தெருவிலிருந்து வரும் கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி வரவில்லை என்று பொருள். கம்பி அறுந்திருக்கும், அல்லது மடிந்திருக்கும். 2022 நவம்பரில் நம் ஊரில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த மாதிரி நாட்களில் மரம் விழுந்து கம்பி போனால் இந்த விளக்குத்தான் சொல்லும். அப்போது வீட்டுக்குள் நீங்கள் எதை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. ஆள் வந்து கம்பியை ஒட்ட வேண்டும். LOS அணைந்து PON பச்சையாக நிலையாக எரிந்தால், கம்பி நன்றாக இருக்கிறது, எதிர்முனையில் உள்ள கருவி நம் பெட்டியை ஏற்றுக்கொண்டது என்று பொருள். அதற்கு மேலும் INTERNET எரியாவிட்டால், பெரும்பாலும் அந்தப் பயனர் பெயர், பாஸ்வேர்டு கோளாறு.

முதல் நாள் தமிழ்ச் செய்தியில் ஒரு இடத்தில், 'இழப்பு ஒளி நிலையை உறுதிசெய்யவும்' என்று இருந்தது. LOS என்பதன் விரிவை எடுத்துப் பாதியைத் தமிழாக்கியிருக்கிறார்கள். பெட்டியில் 'இழப்பு' என்று எழுதியிருக்கிறதா? பெரியவர் பெட்டியைத் திருப்பித் திருப்பித் தேடியிருக்கிறார்.

இங்கேதான் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் சண்டைக்கு வந்தார். "ஐயா, நீங்களே இப்படிச் சொல்லலாமா? திசைவி, அருகலை என்றெல்லாம் அழகான சொற்கள் இருக்கின்றனவே. தமிழாசிரியர் தூக்கிப் பிடிக்காவிட்டால் யார் பிடிப்பது?" என்றார்.

தம்பி, நான் அந்தச் சொற்களுக்கு எதிரி அல்ல. பேருந்து என்ற சொல் எப்படி நிலைத்தது என்று யோசித்துப் பார். பேருந்து நிலையம் என்று பலகையில் எழுதினார்கள். அந்தப் பலகைக்குக் கீழே வண்டி வந்து நின்றது. சொல்லும் பொருளும் ஒரே இடத்தில் கண்ணில் பட்டன. திசைவி என்று எந்தப் பெட்டியிலாவது அச்சடித்திருக்கிறதா? கம்பெனி பெட்டியில் தமிழில் அச்சடிக்கட்டும், நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். அதுவரை பெட்டியில் எந்த எழுத்து இருக்கிறதோ அதைத்தான் செய்தியிலும் எழுத வேண்டும். பொருளில் ஒரு பெயர், செய்தியில் வேறு பெயர் என்றால் படிப்பவருக்கு இரண்டும் இல்லாமல் போகிறது. அந்தப் பழி கடைசியில் தமிழ் மேல்தான் விழுகிறது. 'தமிழ்ல போட்டா ஒண்ணும் புரியல, இங்கிலீஷே தேவல' என்று பெரியவர் சொன்னாரே, அதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட வருத்தம் உனக்கும் ஏற்பட வேண்டும்.

நம் ஊர்ப் பெரியவர்கள் கோர்ட்டுப் படியேறியவர்கள். டிக்கிரி, அப்பீல், வாய்தா, ஜப்தி எல்லாம் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும். அந்தக் காரியம் அந்தப் பெயரோடுதான் அவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது. ஆகவே அந்நியச் சொல்லால் யாரும் தடுமாறவில்லை. கையில் இருக்கும் பொருளோடு ஒட்டாத சொல்தான் தடுமாற வைக்கிறது.

கோர்ட்டைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாயூரம் வேதநாயகம் பிள்ளையை, 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்று உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அவர் தரங்கம்பாடியிலும் நம் சீர்காழியிலும் பிறகு மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்தவர். 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் கிடந்த தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து 'சித்தாந்த சங்கிரகம்' என்று நூலாக்கினார். ஆங்கிலம் அறிந்த நீதிபதிக்கு அது தேவையில்லை. தன்னைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பைத் தானே படிக்க முடியாமல் நின்றவனுக்குத் தேவைப்பட்டது. சீர்காழியில் உட்கார்ந்து நீதி சொன்ன ஒருவர் அந்தக் காலத்திலேயே யாருக்காகப் பெயர்க்கிறோம் என்பதைத் தெரிந்து வைத்திருந்தார். இன்றைக்குக் கம்பெனிகள் 'தமிழிலும் உண்டு' என்று கணக்குக் காட்டுவதற்காகப் பெயர்க்கின்றன.

திண்ணைக்குத் திரும்புவோம். செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்த பிறகு வேலை சுலபம்தான். பெரியவரின் செல்போனில் மொபைல் டேட்டாவை அணைக்கச் சொன்னேன். இது முக்கியம். பெட்டியின் வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் செல்போன் தானாக டேட்டாவுக்குத் தாவும். தாவினால் பெட்டிக்குள் போக முடியாது. பிறகு அடிச்சீட்டில் இருந்த பெயரில் வைஃபையில் சேர்ந்தார். குரோமைத் திறந்து, மேலே முகவரி எழுதும் இடத்தில் 192.168.1.1 என்று அடித்தார். பெட்டியின் உள்பக்கம் திறந்தது. இதற்கு இணையமே வேண்டாம், செல்போனும் பெட்டியும் மட்டும் பேசிக்கொள்வது. எல்லாப் பெட்டிக்கும் இதே எண் இருக்காது. உங்கள் பெட்டியின் எண் அதே அடிச்சீட்டில் இருக்கும்.

WAN என்ற பக்கத்தில் PPPoE என்பதைத் தேர்ந்து, பயனர் பெயர், பாஸ்வேர்டு, VLAN ID என்று ஒரு எண், இந்த மூன்றையும் எழுத வேண்டும். மூன்றையும் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். நாமாக ஊகிக்க முடியாது. அந்தப் பிள்ளை அடையாளம் சரிபார்த்துவிட்டுக் கொடுத்தது. கூடவே ஒரு எச்சரிக்கையும் வந்தது. பாஸ்வேர்டு கேஸ் சென்சிடிவ் என்று.

இதற்கு அவர்களுடைய தமிழ்ச் செய்தியில் என்ன இருந்தது தெரியுமா? 'கடவுச்சொல் வழக்கு உணர்திறன் கொண்டது.' வரப்புத் தகராறில் பதினாறு வருடம் வழக்கு நடத்தியவர் அந்தப் பெரியவர். "இதிலயுமா வழக்கு?" என்றார்.

இந்த இடத்தை மட்டும் கவனியுங்கள், பிள்ளைகளே. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. நம் அ எங்கே வந்தாலும் அதே அ. ஆகவே எந்தச் சொல்லைப் போட்டாலும் இது தமிழ் மட்டும் படித்தவருக்குப் புரியாது. சொல்லைப் பெயர்க்காமல், விஷயத்தைச் சொல்ல வேண்டும். 'இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்துக்கும் பெரிசு, சின்னது என்று இரண்டு உருவம் உண்டு. பெரிய A வேறு, சின்ன a வேறு. நாங்கள் கொடுத்திருக்கும் உருவத்திலேயே அடிக்க வேண்டும். இதில் 0 என்பது பூஜ்யம், ஓ அல்ல' என்று நான்கு வாக்கியம் எழுதினால் என்ன குறைந்துவிடும்? நான் ஒவ்வொரு எழுத்தாக, "பெரிய கே, சின்ன ஆர், எண் ஒன்று" என்று வாசித்தேன். அவர் அடித்தார். Apply என்பதைத் தொட்டார். ஒரு நிமிடத்துக்குள் INTERNET விளக்குப் பச்சையானது.

அதன் பிறகு WLAN பக்கத்தில் இரண்டு வைஃபைக்கும் பழைய பெயர்களையே வைத்து, பழைய பாஸ்வேர்டையே போட்டு, படுக்கை அறைக்குப் போய் 5G இல்லாத பெயரில் செல்போனைச் சேர்த்தோம். மகள் அழைத்தார். மூன்று காரைச் சுவரைத் தாண்டி முகம் தெளிவாகத் தெரிந்தது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் ஐந்து நிமிட வேலை. எந்த ஊசியும் தேவைப்பட்டிருக்காது.

கம்பெனித் தரப்பில் ஒரு சமாதானம் உண்டு. ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல பேரோடு சாட் செய்ய வேண்டியிருக்கிறது, அதனால் தயாராக எழுதி வைத்த வாக்கியங்களைத்தான் அனுப்ப முடியும் என்பார்கள். நியாயம்தான். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே இல்லை. என்னோடு பேசிய பிள்ளை பொறுமையாகத்தான் பேசியது. ஆனால் தயார் வாக்கியம் என்றால் ஒரு முறை எழுதி ஆயிரம் முறை அனுப்புவது. ஆயிரம் முறை போகப்போகும் வாக்கியத்தை ஒரு முறையாவது ஒரு பெரியவரிடம் படித்துக் காட்டியிருக்கலாம் அல்லவா? நேரம் இல்லை என்ற காரணம் இங்கே செல்லாது.

சட்டமும் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறது. டிராய் 2012-இல் கொண்டுவந்த நுகர்வோர் புகார் தீர்வு விதிமுறைகளின்படி, புகார் எண்ணுக்கு நாம் அழைத்தால் முதல் படியிலேயே மொழியைத் தேர்ந்தெடுக்க வழி இருக்க வேண்டும். புகாருக்கு ஒரு பதிவு எண் கொடுக்க வேண்டும். தீர்வு திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியில் மேல்முறையீடும் செய்யலாம். தொலைபேசியில் மொழி வேண்டும் என்று எந்தக் காரணத்துக்காகச் சொன்னார்களோ, அதே காரணம் சாட்டுக்கும் உண்டு. சாட்டில் பேசினாலும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்களிடம் நான் கேட்பது.

வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் என் மாணவர்களே, உங்கள் கம்பெனியின் தயார் வாக்கியங்களில் 'மீட்டமை' எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். அணைத்துப் போடுவதற்கு அது வந்திருந்தால், 'சுவிட்சை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போடுங்கள்' என்று மாற்றச் சொல்லுங்கள். உண்மையான ரீசெட்டுக்கு வந்திருந்தால், 'RESET துளையை அழுத்தினால் பெட்டியில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், நாங்கள் சொல்லாமல் அழுத்தாதீர்கள்' என்று எழுதச் சொல்லுங்கள். ரீசெட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெட்டிக்குள் நுழையும் பாஸ்வேர்டு மறந்துபோனாலோ, உள்ளே யாரோ தாறுமாறாக மாற்றிவிட்டாலோ அதுதான் வழி. ஆனால் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று கேட்காமல் ஒருவரை ரீசெட் செய்யச் சொல்வது, சாவி எங்கே என்று கேட்காமல் கதவைப் பூட்டச் சொல்வது.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பா அம்மா வீட்டுப் பெட்டியின் அடிச்சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியிடம் PPPoE பயனர் பெயர், பாஸ்வேர்டு, VLAN எண் கேட்டு வாங்கி, ஒரு நோட்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறாமல் எழுதி வையுங்கள். பெட்டிப் பக்கத்துச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டுங்கள்: 'LOS சிவப்பு என்றால் கம்பெனிக்குச் சொல்லு. துளையைத் தொடாதே.' அவ்வளவு போதும்.

என்னோடு சண்டை போட்ட அந்த மாணவருக்கும், அவரைப் போல நினைப்பவர்களுக்கும் கீழே இடம் இருக்கிறது. எழுதுங்கள், பதில் சொல்கிறேன். 'மீட்டமை'க்குப் பதிலாக, படித்த உடனே 'ஐயோ, எல்லாம் போய்விடுமே' என்று எச்சரிக்கும் ஒரு நல்ல தமிழ்ச் சொல் யாருக்காவது தோன்றினால் அதையும் எழுதுங்கள். நகைக் கடன் பேரேடு எழுதிய அந்தப் பெரியவரிடம் முதலில் படித்துக் காட்டிவிட்டு, அவருக்குப் புரிந்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா, சீர்காழி.